ஏணியின் உச்சியில் எப்போதும் 'மகிழ்ச்சி'தானா?

கேள்வி: குழந்தைகளுக்கான தண்ணீர் பாட்டில் தயாரிக்கிறோம். கசியாத மூடிதான் எங்கள் பலம். பிராண்டின் உணர்வு மையத்தைத் தேடி, குழுவாக உட்கார்ந்து 'இது ஏன் முக்கியம்?' என்று கேட்டுக்கொண்டே போனோம். எப்போதும் 'மகிழ்ச்சி'யில்தான் வந்து முடிகிறது. எங்கே தவறுகிறோம்?

பதில்: அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் குழுவினர் அல்ல, பாட்டிலை வாங்குபவர்கள். தயாரித்தவர்கள் யூகத்தால் ஏறும்போது நடுப்படிகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த நடுப்படிகளில்தான் இருக்கிறது.

ஏணி ஏறுவதுபோல் படிப்படியாகக் கேட்டுப் போகும் 'லேடரிங்' என்ற இந்த நேர்காணல் முறையை ரெனால்ட்ஸ், குட்மன் என்ற ஆய்வாளர்கள் 1988-இல் விரிவாக எழுதினார்கள். அம்சம், அதனால் கிடைக்கும் பயன், அந்தப் பயன் மனதுக்குத் தருவது, கடைசியாக வாழ்க்கை மதிப்பு என்று படிகள் போகும். தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

ஒரு தாயிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். மூடி கசியாதது பிடித்திருக்கிறது என்கிறார். கசியாவிட்டால் என்ன நன்மை? நோட்டுகள் நனையாது. அதற்கு மேல் 'ஏன்' என்றால், 'நனையக் கூடாதில்லையா' என்று அங்கேயே நின்றுவிடுவார். அப்போது கேள்வியைத் திருப்புங்கள்: "கடைசியாக நனைந்த அன்று என்ன நடந்தது?" மகள் அழுதுகொண்டே வந்தாள், அன்றிலிருந்து பையை நானேதான் அடுக்கிக்கொண்டிருந்தேன் என்கிறார். இந்த பாட்டில் வந்த பிறகு? "அவளே மூடி, அவளே எடுத்து வைக்கிறாள்." அது உங்களுக்கு என்ன தருகிறது? "நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சமாளிப்பாள் என்ற தைரியம்."

இதற்கு மேல் ஏறினால் 'நல்ல தாய்', அப்புறம் 'மகிழ்ச்சி'. அங்கே சோப்பும் காப்பீடும்கூட வந்து நிற்கும். என் கணிப்பில் உங்கள் மையம் அதற்குக் கீழே, 'தானே சமாளிக்கும் குழந்தை' என்ற படியில் இருக்கிறது. சரிதானா என்று பார்க்க, அங்கிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 'எதனால்?' என்று கேட்டால் மூடிக்கே வந்து சேர வேண்டும். வழியில் அறுந்தால் அது நீங்கள் ஒட்டவைத்த உணர்வு. இந்த உதாரணத்தில் இறங்கும்போதே ஒரு விஷயம் தெரிகிறது: கசியாமல் இருந்தால் மட்டும் போதாது, சின்னக் கைகளால் திறந்து மூடவும் முடிய வேண்டும். முடியாவிட்டால், விளம்பரத்துக்கு முன் மூடியைத்தான் திருத்த வேண்டும்.

ஒரு தாய் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போனார்கள் என்று எல்லா நேர்காணல்களிலும் எண்ணுங்கள். 50, 60 பேரிடம் பேசினால், குறைந்தது 3 முதல் 5 பேராவது சொன்ன இணைப்புகளை மட்டும், படிகளைக் கோடுகளால் இணைத்து வரையும் வரைபடத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். சிலருடைய ஏணி 'பை சுத்தமாக இருக்கும், எனக்கு வேலை மிச்சம்' என்று வேறு பக்கம் போகும். அதுவும் உண்மையான ஏணிதான், ஆனால் அது வேறொரு பிராண்டுக்கான மையம். இரண்டையும் ஒரே வாசகத்தில் கலக்காமல், எந்த ஏணியில் அதிகம் பேர் ஏறுகிறார்கள், போட்டியாளர் எதை இன்னும் தொடவில்லை என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.