பலகாரக் கடை எந்த வாக்குக் கொடுக்கலாம்?

காரைக்குடி, வீட்டுப் பலகாரம்: அக்கா, எங்க தெருவுலயே ஆறு பேரு பலகாரம் போடுறோம். கூகுள்ல கடைப் பேரு, வகை, படம் எல்லாத்தையும் மாத்தலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்க?

இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கடைசி 40 ஆர்டரைத் திறந்து, விலைக்கு அடுத்தபடியாக என்ன கேட்டார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அதிகம் பேர் கேட்டதிலிருந்துதான் கடை கொடுக்க வேண்டிய வாக்கு கிடைக்கும்.

தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இப்படித்தான் எழுதிப் பார்த்தார். "கைப்பக்குவம், சுத்தம், பாரம்பரியம்" என்று அவர் போர்டிலும் இருந்தது, பக்கத்துக் கடை போர்டிலும் இருந்தது. நோட்டிலோ 40-இல் 23 பேர், வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பினால் உடையாமல் போகுமா என்று கேட்டிருந்தார்கள். ருசியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை நம்பித்தானே செட்டிநாட்டுப் பலகாரம் தேடி வருகிறார்கள்!

"உடையாமல் வந்து சேரும், உடைந்தால் மறுபடி அனுப்புவோம்" என்பதுதான் வாக்கு என்று முடிவாயிற்று. ஆனாலும் அதை உடனே எழுதிவிடவில்லை. சென்னை, கோவை சொந்தக்காரர்களுக்கு 10 பார்சல் அனுப்பி, பிரித்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மணகோலமும் சீப்புச் சீடையும் முழுசாகப் போயின. தேன்குழல் மட்டும் 4 பார்சலில் நொறுங்கியிருந்தது. மூடிக்கும் பலகாரத்துக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி, வழியெல்லாம் குலுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் காகிதம் திணித்து இன்னொரு 10 அனுப்பினார், ஒன்றில்தான் உடைந்தது. அந்த ஒன்றை மறுபடி அனுப்பும் செலவை விலையில் ஏற்றிய பிறகே கூகுள் பக்கத்தைத் திறந்தார். விளக்கத்தின் முதல் வரியில் வாக்கு. பித்தளைத் தாம்பாளப் படத்துக்குப் பதில், பிரித்த பார்சலின் படம். பெயரும் வகையும் இருந்தபடியே இருக்கின்றன.

புதுவயல்: பேரோட 'பெஸ்ட் செட்டிநாடு ஸ்நாக்ஸ்'னு சேர்த்தா மேல வருதுக்கா. எங்க மாமா கடை அப்படித்தான் வந்துச்சு.

வரும், பொய்யில்லை. ஆனால் போர்டில் இல்லாத சொல்லைப் பெயரில் ஒட்டுவது கூகுள் விதிக்கு விரோதம். யாராவது புகார் கொடுத்தால் பெயரைத் திருத்திவிடுவார்கள். பக்கமே முடங்குவதும் உண்டு. தீபாவளிக்கு முன்வாரம் அப்படி ஆனால் மாமா என்ன செய்வார்? விளக்கத்துக்கு 750 எழுத்து தருகிறார்கள். சொல்ல வேண்டியதை அங்கே சொல்லச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: அப்ப நாங்களும் உடையாம அனுப்புவோம்னே போட்டுடுறோம்.

அது அந்த ஆச்சியின் நோட்டில் கிடைத்தது தம்பி, உங்கள் நோட்டு வேறு. உங்களிடம் வருகிறவர் பழைய வீட்டில் பெயர்ந்த நாலு கல்லுக்கு ஈடு தேடுகிறவரா, புது வீட்டுக்குத் தளம் போடுகிறவரா? ஈடு தேடுகிறவர் என்றால் டிசைன் ஒத்துவரும் என்று வாக்குக் கொடுக்கலாம். நிறத்துக்குக் கொடுக்காதீர்கள். வருஷக்கணக்கில் கால் பட்டு மினுங்கும் கல்லுக்குப் பக்கத்தில் புதுக்கல் தனியாகத்தான் தெரியும். இரண்டு ரகமும் பாதிக்குப் பாதி வந்தால் யாரை முன்னால் வைப்பது என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை. ஆறு மாத ஆர்டர் நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.