சுமிமாசென் மன்னிப்பா, நன்றியா?

"அண்ணா, டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஏறுகிறவர் 'சுமிமாசென்' என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் குழுத் தலைவர் எல்லோருக்கும் விருந்து கொடுத்தார். அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை மற்றவர்கள் மறுபடியும் போய் நன்றி சொன்னார்கள், நான் சொல்லவில்லை. தவறா?"

தம்பி, லிஃப்டில் ஏறியவர் உங்களுக்கு நன்றிதான் சொன்னார். 'சுமு' என்றால் முடிவது, தீர்வது. 'சுமிமாசென்' அதன் எதிர்மறை: தீரவில்லை. எனக்காக நீங்கள் பட்ட சிரமத்துக்கு நான் இன்னும் ஈடு செய்யவில்லை, என் மனம் அடங்கவில்லை என்று விரித்துக்கொள்ளலாம். நம் வீட்டுக்கு யாராவது பழக்கூடையோடு வந்தால் நாம் நன்றி என்றா சொல்கிறோம்? "எதற்கு இந்தச் சிரமமெல்லாம்?" என்றுதானே கேட்கிறோம். அதே மனநிலைதான். உணவகத்தில் பணியாளரை அழைக்கவும் இதே சொல்தான். அங்கே கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள். நான் வந்த புதிதில் கண்ணால் கூப்பிட்டுப் பார்த்துப் பட்டினி கிடந்தேன்.

லிஃப்டில் அதற்குப் பதிலாக மன்னிக்கும் தோரணை எதுவும் வேண்டாம். "இயே, இயே" (அதெல்லாம் ஒன்றுமில்லை) என்று மெல்லச் சொல்லித் தலையை அசைத்தால் போதும்.

ஆனால் உண்மையிலேயே பிழை செய்துவிட்டால் இந்தச் சொல் போதாது. நான் ஒருமுறை வாடிக்கையாளருக்குப் பழைய கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டேன்; அவர்களுடைய ஒரு நாள் சோதனை வீணானது. தொலைபேசியில் "சுமிமாசென்" என்று சொல்லி, உடனே காரணங்களை அடுக்கினேன்: முந்தைய நாள் விடுப்பு, இரண்டு கோப்புகளுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். எல்லாம் உண்மை. மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு என் மூத்த சக ஊழியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: அது வழியில் தோளில் இடித்தால் சொல்வது, இங்கே "மோஷிவாகே கொசாய்மசென்" என்றுதான் சொல்ல வேண்டும். அதன் நேர்ப்பொருளே 'சொல்வதற்குச் சாக்கு இல்லை' என்பது. சாக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் சாக்குச் சொன்னால் எப்படி இருக்கும்? காரணத்தை அவர்களே பிறகு கேட்பார்கள், அதுவும் விவரமாக. இனி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பார்கள். அப்போது சொன்னால் அது விளக்கம். முந்திக்கொண்டு சொன்னால் தப்பித்தல்.

இனி விருந்து. நீங்கள் தவறு செய்தீர்கள் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் கவனித்திருப்பார்கள். நமக்கு நன்றி ஒருமுறை சொன்னால் முடிந்தது. நெருங்கியவர்களிடம் அதையும் சொல்வதில்லை, சொன்னால் அந்நியமாகப் பார்க்கிறாயா என்று கோபித்துக்கொள்வார்கள். இங்கே விருந்து முடிந்ததும் ஒன்று, அடுத்து முகம் பார்க்கும்போது இன்னொன்று என்று இரண்டு நன்றிகள் உண்டு. இரண்டாவதுதான் கனமானது, ஏனென்றால் வயிறு நிறைந்த வேளையில் யாரும் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறீர்களா என்பதைத்தான் அது காட்டுகிறது. அதோடு, முடிந்துபோன உதவிக்கான நன்றி என்பதால் வினையும் இறந்தகாலத்துக்கு மாறும்: 'கொசாய்மாஸ்' அல்ல, "அரிகாதோ கொசாய்மாஷிதா". சாப்பாட்டுக்கென்றே தனிச் சொல்லும் இருக்கிறது, "கொச்சிசோசாமா தெஷிதா".

எங்கும் எதற்கும் சொல்ல வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். காலை ரயில் நெரிசலில் உங்களை இடிப்பவர்களில் பலர் வாயே திறக்க மாட்டார்கள். கடைக் கல்லாவில் பணியாளர் மூன்று முறை நன்றி சொல்வார், வாங்குகிறவர் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போவார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது, நான் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். சில பழக்கங்கள் மாறவும் மாறாது. ஒருநாள் ரயிலில் ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டு, ஊர்ப் பழக்கத்தில் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பதறிப்போய் "சுமிமாசென், சுமிமாசென்" என்று இரண்டடி பின்வாங்கினார். மிதித்தவன் நான்!

உங்கள் தலைவரிடம் நாளைக் காலையே போங்கள். "செஞ்ஜிட்சு வா கொச்சிசோசாமா தெஷிதா" என்றால் 'அன்றைய விருந்துக்கு நன்றி'. 'செஞ்ஜிட்சு' என்பது 'அன்றைக்கு', 'சில நாள் முன்பு' என்று பொருள்படுவதால், தாமதமானது போலவே தெரியாது. தாமதத்துக்கென்று தனியாக ஒரு சுமிமாசென் சேர்க்க வேண்டாம்.