கொம்பா, ஆமை ஓடா, செல்லுலாய்டா? பழைய சீப்பு, பெட்டி, கண்ணாடி பிரேம் பற்றிக் கேள்வி பதில்

பாட்டியின் பெட்டியில் ஒரு கொண்டைச் சீப்பு கிடைத்தது. தேன் நிறம், நடுவே கரும்பழுப்புத் திட்டுகள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். குத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். பழைய பொருள்களில் ஊசித் துளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தத் துளைகள் எதையும் சொல்வதில்லை. கொம்பும் ஆமை ஓடும் ஒரே வகைப் பொருள்தான், இரண்டும் நம் நகம் போன்ற கெரட்டின். சூடான ஊசி பட்டால் இரண்டிலும் முடி கருகும் வாடைதான் வரும். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டிய கேள்வி, அதாவது எருமையா ஆமையா என்பது, அப்படியே நிற்கும். செல்லுலாய்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் மாற்றி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து செய்த பொருள். தீப்பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும், கையில் வைத்திருக்கும்போதே எரியும்.

பகல் வெளிச்சம், ஒரு டார்ச், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். இவை போதும். படம் எடுத்து அனுப்புங்கள்.

குத்தவில்லை. பின்னால் டார்ச் அடித்தும், பல்லின் அடிப்பகுதியை லென்ஸில் பார்த்தும் படம் எடுத்திருக்கிறேன். கட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தேன், ஒரு வாசனையும் இல்லை. ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் அரித்த மாதிரி குழி இருக்கிறது. பூச்சி செய்த வேலை என்றால் பிளாஸ்டிக் இல்லைதானே?

நல்ல படங்கள். குழியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் இங்கே வலுவான சாட்சி. கம்பளியைத் தின்னும் அதே வண்டுகளின் புழுக்கள் கெரட்டினையும் தின்னும், செல்லுலாய்டைத் தின்னாது. உங்கள் குழிகள் ஆழமில்லாமல், சுரண்டி எடுத்ததுபோல ஒழுங்கற்று இருக்கின்றன. ஆக, இது பெரும்பாலும் விலங்குப் பொருள்தான். வாசனை இல்லாததை மட்டும் தனிச் சாட்சியாக எடுக்காதீர்கள். செல்லுலாய்டைத் தேய்த்துச் சூடேற்றினால் சூடம் மணக்கும் என்பது சரி, ஆனால் பழையதில் மேற்பரப்பிலிருந்து கற்பூரம் போயிருக்கலாம். மணம் வந்தால் செல்லுலாய்டு, வராவிட்டால் எதுவும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அடுத்தது திட்டுகள். அசல் ஆமை ஓட்டில் கருமை என்பது பூச்சு அல்ல. லென்ஸில் பார்த்தால் செய்தித்தாள் படம்போல மிகச் சிறிய புள்ளிகளாகப் பிரியும். திட்டின் விளிம்பில் புள்ளிகள் மெல்ல மெல்லக் குறைந்து மஞ்சளில் கலையும். அந்தக் கருமை தகட்டின் உள்ளே வெவ்வேறு ஆழத்தில் இருக்கும். செல்லுலாய்டில் புள்ளி கிடையாது, இரண்டு நிறப் பாகு கலந்து நின்ற ரிப்பன் போன்ற கோடுகள்தான். ஒரே நெளிவு அடுத்தடுத்து வருவதும் உண்டு.

உங்கள் சீப்பில் இரண்டுமே இல்லை. திட்டின் விளிம்பு தூரிகையால் தொட்டு வைத்ததுபோலத் தெளிவாக இருக்கிறது. ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் மங்கல். உடைந்த பல்லின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: கருமை மேல்தோலோடு நின்றுவிட்டது, உள்ளே வெளிர்மஞ்சள்தான். அதோடு பற்களின் நீளவாக்கில் நுண்ணிய இணைகோடுகள் ஓடுகின்றன. அது கொம்பின் நார். பல் சட்டென்று ஒடியாமலிருக்க நாரின் போக்கிலேயே பல் அறுப்பது சீப்புக்காரர்களின் வழக்கம்.

என் முடிவு: ஆமை ஓடு போலத் தெரிவதற்காகச் சாயமிட்ட கொம்பு. சுண்ணாம்பையும் மிருதார்சிங்கி என்ற ஈய ஆக்சைடுப் பொடியையும் குழைத்துக் கொம்பின் மேல் அப்பி வைத்தால், அதிலுள்ள ஈயம் கொம்பிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கருந்திட்டாக மாறும். பிளாஸ்டிக் வருவதற்கு வெகு முன்பே ஐரோப்பியச் சீப்புப் பட்டறைகளில் இது சாதாரண வேலை. "பிளாஸ்டிக் இல்லை, எனவே ஆமை" என்று பலர் முடிவு கட்டிவிடுவது இந்த நடுவழிப் பொருளை மறந்துவிடுவதால்தான். வீட்டு எருமை, மாட்டுக் கொம்புக்கு வனவிலங்குச் சட்டம் பொருந்தாது. கவலையில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? உப்பை நன்றாகக் கரைத்த தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் மிதக்கும், அசல் மூழ்கும். அம்பர் மணிகளை நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

அம்பருக்கு நீங்கள் செய்வது சரி. அம்பர் லேசானது, கெட்டியான உப்புநீரில் மிதக்கும். இங்கே அது உதவாது. செல்லுலாய்டு, கேசின், கொம்பு, ஆமை ஓடு நான்குமே அந்த நீரைவிடக் கனமானவை, நான்கும் மூழ்கும். மேலும் கேசின் பாலின் புரதத்தைப் பார்மலினில் இறுக்கிச் செய்தது, 1899இல் காப்புரிமை பெற்ற பொருள். தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது மேலே நுண்ணிய விரிசல் விழும். பழைய பொத்தான், சீப்பு எதையும் ஊறப்போடாதீர்கள்.

என்னிடம் ஒரு பொடி டப்பி இருக்கிறது. மூடியில் ஒரு முகம் புடைப்பாக, அச்சில் வார்த்த மாதிரி கூர்மையாக இருக்கிறது. வார்த்திருந்தால் பிளாஸ்டிக் என்றுதானே அர்த்தம்?

இது பாதிதான் சரி. கொம்பும் ஆமை ஓடும் கொதிநீரில் இளகும், அச்சில் வைத்து அழுத்தினால் அந்த உருவத்திலேயே இறுகும். லண்டனில் ஜான் ஒப்ரிசே என்பவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படி அழுத்திய முகங்களோடு பொடி டப்பிகள் செய்திருக்கிறார். அப்போது எந்த பிளாஸ்டிக்கும் இல்லை. ஆமை ஓட்டை ஓட்டோடு பசையில்லாமலே, ஈரமும் சூடும் அழுத்தமும் கொண்டு ஒட்டவும் முடியும். எனவே புடைப்பு உருவத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தையும் விளிம்பையும் பாருங்கள். கொம்பு என்றால் எங்காவது ஓரிடத்தில் மெல்லிய ஏடாகப் பிரிய ஆரம்பித்திருக்கும். விளிம்பு முழுவதும் ஒரே சீராக, நாரும் ஏடும் இல்லாமல் இருந்தால் பிளாஸ்டிக் பக்கம் சாய்வேன். உங்கள் ஒரு படத்தை வைத்து இப்போது எதுவும் சொல்ல மாட்டேன்.

சென்னையில் ஒருவர் விசாகப்பட்டினப் பெட்டி ஒன்றை விற்கிறார். மரத்தின் மேல் ஆமை ஓட்டுத் தகடு, ஓரமெல்லாம் செதுக்கிய தந்தம். "நூறு வருசத்துக்கு மேல் பழசு, ஆண்டிக், சட்டச் சிக்கல் இல்லை" என்கிறார். ஓடு அசலா என்று படத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

படத்தில் தகட்டுக்கு மேல் மெருகு பளபளக்கிறது, புள்ளியா ரிப்பனா என்று தெரியவில்லை. விசாகப்பட்டினத்து வேலையில் ஆமை ஓடும் உண்டு, எருமைக் கொம்பும் உண்டு. எனவே ஊர்ப்பெயரை வைத்தும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் கெரட்டினா பிளாஸ்டிக்கா என்பது தெளிவாகும்.

ஆனால் விடை எதுவானாலும் வாங்காதீர்கள். இந்தியச் சட்டத்தில் பழமைக்கு விலக்கு இல்லை. ஆமை ஓட்டு வேலைக்குப் பயன்பட்டது அழுங்காமை என்ற கடலாமையின் முதுகுத் தகடுகள். அந்த ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, யானையும் அப்படியே. அந்த அட்டவணை விலங்கின் பொருளை விற்பதும் வாங்குவதும் குற்றம், மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஓடு வெறும் கொம்பு என்று நிரூபணமானாலும் தந்தம் அங்கேயே இருக்கிறது.

அப்படியானால் அம்மா வழியாக வந்ததை வைத்திருப்பவர்கள்? எங்கள் வீட்டில் இலங்கையின் காலி நகரில் வாங்கிய வளைந்த சீப்பு ஒன்று இருக்கிறது. நட்சத்திர ஆமை ஓடு என்று நினைக்கிறோம்.

நட்சத்திர ஆமையாக இருக்காது. தரை ஆமையின் ஓட்டுத்தகடு இந்த வேலைக்கு ஆகாது. காலி ஊர்ப் பட்டறைகள் ஆமை ஓட்டு வேலைக்குப் பேர்போனவை, அவர்கள் கையாண்டது கடலாமை. வளைந்த சீப்பு தாழ்நாட்டுச் சிங்கள ஆண்கள் கொண்டையில் அணிந்தது. அசலாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் இருப்பவராக இருந்தால்: வாரிசாக வருவதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிப்போயிருந்தால் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்த பிறகு வனத்துறைக்குப் போங்கள். விற்கவோ நண்பருக்குப் பரிசாகக் கொடுக்கவோ கூடாது. இலங்கையிலும் எல்லாக் கடலாமைகளும் பாதுகாக்கப்பட்டவை.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே பழம்பொருள் கடைகளில் ஆமை ஓட்டுப் பெட்டிகளை வெளிப்படையாகவே விற்கிறார்கள். ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாமா?

அங்கே விற்பதற்குக் காரணம் ஒரு தேதி. 1947 மார்ச் 3க்கு முன் வேலைப்பாடு செய்யப்பட்டது என்று காட்ட முடிந்தால் பிரிட்டனுக்குள் தனி அனுமதியில்லாமல் விற்கலாம். அந்த விலக்கு நாட்டின் எல்லையோடு முடிந்துவிடும். அழுங்காமை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் இருப்பதால் எல்லை தாண்டத் தனி ஆவணம் வேண்டும். ரசீது மட்டும் கையில் இருந்தால் சென்னை விமான நிலையத்தில் பொருளும் போகும், வழக்கும் வரும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

போன மாதம் கண்ணாடி வாங்கினேன். பில்லில் "டார்ட்டாய்ஸ்" என்று போட்டிருக்கிறது! புகார் கொடுக்கணுமா?

வேண்டாம், அது நிறத்தின் பெயர். உங்களுடையது அசிட்டேட் பிளாஸ்டிக். காதுப்பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி ஒன்று தெரியும். கொம்பு, ஓட்டுப் பிரேம்களில் பொதுவாக அந்தக் கம்பி இருக்காது.

தாத்தாவின் உருண்டைக் கண்ணாடி. பிரேம் பிசுபிசுக்கிறது, கீல் பக்கம் பச்சையாகப் பூத்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் சூடேற்றி வளைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கொடுக்க வேண்டாம், இது அநேகமாகச் செல்லுலாய்டு. அது சிதையும்போது அமில ஆவி விடும், அந்த ஆவிதான் பித்தளைக் கீலைப் பச்சையாக்குகிறது. பழைய அசிட்டேட் கெட்டால் வினிகர் வாடை அடிக்கும், அதையும் முகர்ந்து பாருங்கள். எதுவானாலும் சூடு ஆகாது.

காற்றுப் புகாத டப்பியில் அடைத்தால் ஆவி உள்ளேயே சுற்றிச் சிதைவு வேகமாகும். அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஜை அறைப் பக்கமும் அடுப்புப் பக்கமும் கூடாது. தாத்தாவின் மற்ற பொருள்களோடு, முக்கியமாக வெள்ளி, வெண்கலம், பழைய புகைப்படங்களோடு, ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கண்ணாடி வில்லையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். பிரேமில் விரிசல் சிறு சிறு கட்டங்களாக ஓட ஆரம்பித்திருந்தால் இனி நிறுத்த முடியாது. நாலு பக்கமும் படம் எடுத்து, அளவும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.