குரூப் போட்டோவில் கண் மூடிய பெரியவர்

"ஒரு ஷாட்டில் எல்லோரும் சரி, கல்யாணச் சீர் நடத்திய அருமைக்காரர் மட்டும் கண்ணை மூடிவிட்டார். அடுத்த ஷாட்டில் இருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரிகிறது. என்ன செய்வது?"

முகத்தை மட்டும் வெட்டுவதால்தான் தெரிகிறதுங்க. பெருந்துறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எங்கள் அண்ணன் போன தை மாதக் கல்யாணத்தில் இதே மாதிரி ஒரு படத்தைச் சரிசெய்தார். பெண்ணின் பெரியப்பா கண்ணை மூடியிருந்தார். அடுத்த ஷாட்டில் ஃபிளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆகாததால் படம் கொஞ்சம் இருட்டு. முதலில் அந்த வெளிச்சத்தைச் சமன்செய்தார். இதை விட்டால் மற்றது எல்லாம் வீண்.

அப்புறம் ஃபோட்டோஷாப்பில் நல்ல முகம் உள்ள படத்தை மேல் லேயராக வைத்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து `Edit > Auto-Align Layers` கொடுத்தார். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை பூசினார். கன்னத்தோடு நிற்காமல் தலைமுடி வரைக்கும், கீழே தோளில் கிடந்த துண்டின் ஓரம் வரைக்கும் பூசினார். துண்டின் மடிப்பில் கோடு மறைந்துவிடும், கழுத்துத் தோலில் மறையாது.

தலை சற்று நகர்ந்திருந்ததால் பழைய காது பக்கத்தில் எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் பின்னால் நின்ற அம்மாவின் சேலையையும் மேல் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். உங்கள் படத்திலும் முதலில் காதோரத்தைப் பாருங்கள். அருமைக்காரர் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணை மட்டும் மாற்றாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே மாற்றுங்கள். அந்த ஷாட்டில் அவர் தலையை நன்றாகத் திருப்பியிருந்தால் இந்த வழி ஒத்துவராது, வேறு ஷாட்டைத் தேடுங்கள்.