மண்ணெண்ணெய் குடிச்ச குழந்தைய வாந்தி எடுக்க வைக்காதீங்க

கேள்வி: என் ரெண்டு வயசு பையன் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருந்த மண்ணெண்ணெய ஒரு வாய் குடிச்சிட்டான். அப்ப ரெண்டு மூணு தடவ இருமினான், இப்ப நல்லாத்தான் விளையாடுறான். உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. செய்யலாமா? டாய்லெட் கிளீனர் குடிச்சா அப்பவும் இதேதானா?

பதில்: வேண்டாம். விரலும் விடாதீங்க, உப்புத்தண்ணியும் வேண்டாம். நனைஞ்ச சட்டைய கழட்டி, வாயத் துடைச்சு, மேல பட்ட இடத்த சோப்பு போட்டு கழுவிட்டு, பாட்டிலையும் பையனையும் தூக்கிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, மிச்சத்த போற வழியில படிங்க.

எல்லாரும் வயித்த நினைச்சுத்தான் பயப்படுறாங்க. மண்ணெண்ணெய குடல் அதிகமா உறிஞ்சாது, ஒரு வாய் வயித்துக்குள்ள போனதுல பெரும்பாலும் பெரிய கெடுதல் வராது. ஆபத்து நுரையீரல்ல. தண்ணிய விட வேகமா பரவுற சாமான் அது, ஒரு மில்லிக்கும் குறைவா மூச்சுக்குழல்ல இறங்கினாலே உள்ள ஓடிப் பரவி, காத்துப் பைகள் ஒட்டிப் போகாம வச்சிருக்கிற படலத்த கெடுத்துடும். குடிச்சப்ப இருமினான்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு கவலை, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்கலாம்ங்கிறதுக்கு அடையாளமே அதுதான். இப்ப வாந்தி எடுக்க வச்சா, வயித்துல சும்மா கிடந்தது மறுபடி தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலுக்குள்ள போக இன்னொரு வாய்ப்பு.

ஒன்றரை வயசு பொண்ணு ஒண்ணு, உங்க பையன மாதிரியே ஒரு வாய்தான் குடிச்சிருந்தா, ஒரு இருமலோட நின்னுருச்சு. வீட்டுல உப்புத்தண்ணி கொடுத்து ரெண்டு தடவ வாந்தி. எங்கிட்ட கொண்டு வந்தப்ப ரெண்டு மணி நேரம் ஆகியிருந்துச்சு, சட்டைல இன்னும் மண்ணெண்ணெய் வாடை, மூச்சு நிமிஷத்துக்கு 56. எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. ஆறு மணி நேரம் கழிச்சு எடுத்ததுல வலது பக்கம் கீழ வெள்ளையா படர்ந்திருந்துச்சு. மூணு நாள் ஆக்சிஜன்ல இருந்துட்டு நல்லபடியா வீட்டுக்குப் போனா. அதனால "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல"ன்னு குடிச்ச அரை மணி நேரத்துல யாராவது அனுப்பினா நம்பாதீங்க.

போற வழியில வாய்க்கு எதுவும் கொடுக்க வேண்டாம். மடில நிமிர்த்தி உக்கார வச்சுக்குங்க, தானா வாந்தி எடுத்தா தலைய முன்பக்கம் குனிய வைங்க. போகும்போதே மூச்சு விடுறப்ப வயிறு எத்தன தடவ ஏறி இறங்குதுன்னு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. இந்த வயசுக்கு 40 தாண்டினா வேகம்தான். விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலமானாலோ, அசந்து தூங்கினாலோ வரிசைல நிக்காம நேரா உள்ள போங்க.

உள்ள போனதும் முதல்ல பேர் என்ன, வயசு என்ன, அந்த ஃபார்ம நிரப்புன்னு பத்து நிமிஷம் ஓட்டுவாங்க. குழந்தை மூச்சு திணறிக்கிட்டு இருக்கும்போது ஃபார்ம் எதுக்குன்னு நானும் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சில இடத்துல இன்னமும் டியூப் விட்டு வயித்த கழுவுறாங்க, பழக்கதோஷம். வெறும் மண்ணெண்ணெய்க்கு அது தேவையில்ல, "எதுக்கு டாக்டர் கழுவுறீங்க"ன்னு கேக்குறது உங்க உரிமை. ஊசி ஒண்ணு போட்டு "விஷம் முறிஞ்சிடும்"னு அனுப்புற ஆள்கிட்ட போகவே போகாதீங்க, மண்ணெண்ணெய்க்கு முறிவு மருந்துன்னு ஒண்ணு கிடையாது. வேணுங்கிறது ஆறுல இருந்து எட்டு மணி நேரம் கண்காணிப்பு. அதுவரைக்கும் மூச்சு சீரா இருந்து, கடைசில எடுக்கிற எக்ஸ்ரேவும் சுத்தமா இருந்தா வீட்டுக்குப் போகலாம்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, நிதானமா சொல்றேன். பாட்டில்ல இருந்தது வெறும் மண்ணெண்ணெய்தானா, இல்ல பூச்சி மருந்து கலந்ததா? சில பூச்சி மருந்த மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய்லதான் கரைச்சு விக்கிறாங்க, வாடை ஒண்ணுதான். அப்ப பிரச்சனை நுரையீரலோட நிக்காது, மருந்து உடம்புக்குள்ள ஏறும், எச்சில் கொட்டும், கண்மணி ஊசிமுனையா சுருங்கும். மூச்சுக்குழலுக்கு பாதுகாப்பு பண்ணிட்டு வயித்த சுத்தம் பண்ணலாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணுவார். அப்பவும் வீட்டுல வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இத முடிவு பண்ண பாட்டில் வேணும், மிச்சம் இருக்கிறதோட, மூடி இறுக்கமா போட்டு எடுத்துட்டுப் போங்க.

டாய்லெட் கிளீனர்லயும் வாந்தி கூடாது, ஆனா காரணம் வேற. பெரும்பாலும் அது ஆசிட், இறங்கும்போது ஒரு தடவ சுட்டது ஏறும்போது இன்னொரு தடவ சுடும். முறிக்கிறேன்னு சோடா மாவு கலக்காதீங்க, கலந்தா சூடும் வாயுவும்தான் கிளம்பும். வாயத் துடைங்க, குழந்தை முழிச்சிருந்து விழுங்க முடிஞ்சா ஒண்ணு ரெண்டு மடக்கு தண்ணி, எச்சில் ஒழுக விட்டுக்கிட்டு விழுங்க மறுத்தா அதுவும் வேண்டாம். வாய்க்குள்ள புண்ணே தெரியலைன்னாலும் உணவுக்குழாய் வெந்திருக்கலாம், அத எண்டோஸ்கோப்பில பாத்தாதான் தெரியும், முதல் 24 மணி நேரத்துக்குள்ள பாக்கணும். "வாய் நல்லாருக்கு, கூட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னா எழுந்து வராதீங்க.