மூன்று நாள் பச்சைச் சாறும் இரண்டு கிலோவும்

"புதுச்சேரி பீச் ரோட்டில் காலை நடைக்குப் போகும்போது கோதுமைப்புல் சாறு குடிக்கிறேன். மூன்று நாள் பச்சைச் சாறு மட்டுமே குடித்தால் உடம்பில் உள்ள நச்சு எல்லாம் போய்விடுமா?"

போகாது. மதுவைக் கல்லீரல் சிதைக்கிறது. பல மருந்துகளை அது நீரில் கரையும்படி மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இதைச் சாறு வேகப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஒரு சின்ன டம்ளர் கோதுமைப்புல் சாறு கொஞ்சம் கீரை சாப்பிட்ட மாதிரி, அவ்வளவுதான்.

கடலூரில் என் சித்தி இப்படி மூன்று நாள் இருந்தார். இரண்டு கிலோ குறைந்தது, மலம் பச்சையாகப் போனது. "பாரு, கசடு வருது!" என்றார். வந்தது இலையின் பச்சையம். சாப்பாடு குறைந்தால் உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை எரிக்கும். அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும். அவர் இட்லிக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிட்டது.

எனக்குப் பயம் கோதுமைப்புல் மேல் இல்லை, கூடவே கட்டுக் கட்டாக அரைக்கும் பாலக் கீரை மேல்தான். அதில் ஆக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். வேகவைத்து நீரை வடித்தால் ஒரு பங்கு போகும். பச்சைச் சாற்றில் பெரும்பகுதி அப்படியே வயிற்றுக்குள் போகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகலாம். சாறு விரதத்தால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஏற்கெனவே கல் வந்தவர், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கூடியவர் இதைத் தொடவே வேண்டாம். சர்க்கரை மாத்திரை போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் இந்த விரதம் இருக்கக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.