'போயிருக்கேன்' என்பதற்கு 'வென்ட்' சொல்வதா, 'ஹேவ் பீன்' சொல்வதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வயர்மேனாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு. இலக்கணப் பயிற்சித் தாளில் எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன். ஆனால் என் அனுபவத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும்போது 'ஐ வென்ட்', 'ஐ ஹேவ் பீன்' இரண்டும் குழம்பிவிடுகின்றன. மாதிரித் தேர்வில் 'டென்ஸ் சரியில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தாளில் சரியாக எழுதுகிறவருக்கு வாயில் தப்பு வருகிறதென்றால், பேசும் வேகத்தில் நம் தமிழும், அக்கம்பக்கத்து மலாயும் உள்ளே நுழைந்துவிடுகின்றன என்று அர்த்தம். எந்த இடத்தில் நுழைகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் இடம் 'இருக்கேன்' என்ற வால். 'அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேமரன் மலைக்குப் போயிருக்கேன்' என்று நாம் தாராளமாகச் சொல்வோம். காலத்தையும் குறிப்பிட்டு, 'இருக்கேன்' என்றும் முடிக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. ஆங்கிலம் கொடுக்காது. எப்போது நடந்தது என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' போய்விட வேண்டும்: 'ஐ வென்ட் டு கேமரன் ஹைலண்ட்ஸ் ஃபைவ் இயர்ஸ் அகோ.' எப்போது என்று சொல்லாமல் அனுபவம் உண்டு என்று மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் பீன் டு கேமரன் ஹைலண்ட்ஸ்.' அங்கே 'ஹேவ் கான்' வராது. அது போனவர் இன்னும் திரும்பவில்லை என்ற பொருள் தரும். தேர்வாளர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் நேர் எதிர். 'ஆறு வருஷமா இங்க வேலை செய்றேன்' என்பதில் தமிழ் நிகழ்காலத்தை வைக்கிறது. அதை அப்படியே எடுத்து 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சிக்ஸ் இயர்ஸ்' என்றால் தப்பு. முன்பு தொடங்கி இன்றும் நடக்கிற வேலைக்கு 'ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' அல்லது 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்'. ஆனால் 'ஃபார்' வந்தாலே 'ஹேவ்' வர வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்படிச் சொல்லிக் கொடுத்துப் பலரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். தாத்தா முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் 'மை கிராண்ட்ஃபாதர் டாப்ட் ரப்பர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' தான் சரி. அப்பா இன்னும் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்றால் 'மை ஃபாதர் ஹேஸ் ஒர்க்ட் ஆன் தி எஸ்டேட் ஃபார் ட்வென்ட்டி இயர்ஸ்.' 'ஃபார்' இரண்டிலும் உண்டு. வேலை முடிந்ததா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது இடம் மலாய். முன்பு செய்த அனுபவம் உண்டு என்று சொல்ல மலாயில் வினைக்கு முன்னால் வைக்கும் 'பெர்னா'வின் பழக்கத்தில் 'ஐ எவர் ரிப்பேர் மோட்டர்' என்று நம் ஊரில் சகஜமாகப் பேசுகிறோம். 'எவர்' கேள்வியில் நிற்கும் சொல். 'ஆமாம், செய்திருக்கிறேன்' என்ற சாதாரணப் பதிலில் அது வராது. 'ஐ ஹேவ் ரிப்பேர்ட் மோட்டர்ஸ்' என்றாலே போதும். வினையின் கடைசி 'டி' ஒலியும் விழக்கூடாது. 'ஆல்ரெடி'யை வாக்கியக் கடைசியில் ஒட்டிவிட்டால் காலம் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பதும் இதே குடும்பம்தான்.

இனி இதைத் தேர்வில் எப்படி வைப்பது என்று பார்ப்போம். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். குறிப்பெடுக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். அட்டையில் நீங்கள் தீர்த்த ஒரு கடினமான பிரச்சினையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தயார் இல்லாமல் பேசினால் இப்படி வரும்: 'ஐ ஆம் ஒர்க்கிங் இன் பாம் ஆயில் மில் சிக்ஸ் இயர்ஸ் ஆல்ரெடி. ஐ எவர் ரிப்பேர் மெனி மோட்டர். இன் 2022 த கன்வேயர் ஹேஸ் ஸ்டாப்ட் அட் நைட். ஐ ஹேவ் ஓபன் த பாக்ஸ், ஐ சீ த கேபிள் பர்ன்.' விஷயம் புரிகிறது. ஆனால் ஒரு வாக்கியம்கூடப் பிழையில்லாமல் இல்லை. இலக்கணத்துக்கு 7 வாங்க, பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும்.

அதே சம்பவம், சரியாக: 'ஐ ஹேவ் ஒர்க்ட் இன் எ பாம் ஆயில் மில் ஃபார் சிக்ஸ் இயர்ஸ், அண்ட் ஐ ஹேவ் ரிப்பேர்ட் மெனி மோட்டர்ஸ். த ஹார்டஸ்ட் ஜாப் வாஸ் இன் 2022. த கன்வேயர் ஸ்டாப்ட் அட் நைட். ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த பவர், ஓபன்ட் த பாக்ஸ் அண்ட் ஃபவுண்ட் எ பர்ன்ட் கேபிள். சம்படி ஹேட் லெஃப்ட் எ கனெக்ஷன் லூஸ். வீ ரீப்ளேஸ்ட் த கேபிள் பிஃபோர் மார்னிங். சின்ஸ் தென், ஐ ஹேவ் செக்ட் தட் பாக்ஸ் எவ்ரி வீக்.'

'ஹேவ்' எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில், அனுபவம் உண்டு என்று கதவைத் திறக்க இரண்டு முறை. கடைசியில், அன்றிலிருந்து இன்றுவரை என்று கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவர ஒரு முறை. '2022' என்று சொன்ன கணத்திலிருந்து நடுவில் எல்லாம் சாதாரண இறந்தகாலம். 'ஹேட் லெஃப்ட்' ஒரே இடத்தில்தான். நீங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தவறு நடந்துவிட்டது, ஆனால் கதையில் பின்னால்தான் சொல்கிறீர்கள். வரிசை மாறுகிற அந்த இடத்துக்குத்தான் 'ஹேட்' தேவை. நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் அதைத் தொடவே வேண்டாம். கெத்துக்காக நாலைந்து 'ஹேட்' அள்ளிப்போடுகிறவர்கள் எது முன், எது பின் என்று தாங்களே தொலைந்துபோவார்கள்.

அந்த 1 நிமிடக் குறிப்பில் முழு வாக்கியம் எழுத நேரம் இல்லை. ஆண்டை எழுதி, அதன்கீழ் இறந்தகால வினைகளை மட்டும் எழுதுங்கள்: ஸ்டாப்ட், ஓபன்ட், ஃபவுண்ட், ரீப்ளேஸ்ட். பேசும்போது கண் அந்த வடிவத்தைப் பார்க்கும், வாயும் அதையே சொல்லும்.

முதல், மூன்றாம் பகுதிகளில் கேள்வியின் முதல் சொல்லைக் காதில் பிடியுங்கள். 'ஹேவ் யூ எவர்' என்று வந்தால் முதல் வாக்கியம் 'யெஸ், ஐ ஹேவ்', அடுத்த வாக்கியத்தில் எப்போது என்று சொல்லி இறந்தகாலத்துக்கு இறங்குங்கள். 'வென் டிட் யூ' என்று வந்தால் 'ஹேவ்' பக்கமே போகக்கூடாது.

உச்சரிப்பிலும் ஒரு பொறி உண்டு. 'ஐவ் ஒர்க்ட்' என்று சுருக்கிச் சொல்லும்போது அந்த 'வ்' கேட்காவிட்டால், 'ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்றாகி, நீங்கள் வேலையை விட்டுவிட்டதாகப் பொருள் மாறும். சுருக்கம் நாக்கில் பழகும்வரை 'ஹேவ்' என்று முழுதாகச் சொல்லுங்கள். அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். 'ஒர்க்ட்' என்பதை 'ஒர்க்கெட்' என்று இழுப்பதையும் கவனியுங்கள். அது ஒரே அசை.

வீட்டில் பழக, கைப்பேசியில் 2 நிமிடம் பேசிப் பதிவுசெய்து, திரும்பக் கேட்கும்போது காலச் சொற்களை மட்டும் தேடுங்கள்: 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'அகோ', 'வென் ஐ வாஸ் ஸ்மால்'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வினையில் 'ஹேவ்' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள், முழுப் பேச்சையும் அல்ல. தேர்வு அறையிலேயே தப்பு காதில் விழுந்துவிட்டால் 'சாரி, ஐ வென்ட்' என்று உடனே திருத்திவிட்டு மேலே போங்கள். ஒன்றிரண்டு திருத்தம் பாதிக்காது. வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று திருத்தினால் சரளத்துக்கான மதிப்பெண்ணில் அடி விழும்.